ஒரே கேன் தண்ணீர், இரண்டு விடை

(சேலத்தில் வேதியியல் மாணவர்களுக்கும் ஆய்வகப் பணியாளர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சில ஆண்டுகளுக்கு முன்பு சவ்வரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர் கையில் இரண்டு தாள்களோடு என்னிடம் வந்தார். சாண எரிவாயுக் கலன் போல அவருடைய ஆலையிலும் ஒரு கலன் உண்டு. கழிவுநீர் அதற்குள் போய் வெளியே வரும். அந்த வெளிவாயில் தண்ணீரை ஒரே கேனில் பிடித்து, இரண்டாகப் பிரித்து, இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு தாளில் பி.ஓ.டி. 280 என்று இருந்தது. இன்னொரு தாளில் 420. "ஒரே கேன்ல புடிச்ச தண்ணிங்க சார். ரெண்டுல எது நெசம்?" என்று கேட்டார்.

இன்று மாலை முழுக்க நான் பேசப்போவது அந்த ஒரு கேள்விக்கான பதிலைத்தான். ஐந்து நாள் பி.ஓ.டி. சோதனையில் ஒரே தண்ணீருக்கு ஏன் இரண்டு விடை வருகிறது? யாரோ கவனக்குறைவாக இருந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த இரண்டு ஆய்வகங்களும் விதிப்புத்தகத்தை மீறவில்லை. இதைத்தான் நாம் நின்று பார்க்க வேண்டும்.

முதலில் சோதனையை ஒருமுறை கண்முன் கொண்டுவருவோம். 300 மில்லிலிட்டர் கொள்ளும் கண்ணாடி பாட்டில். கூம்பிய கண்ணாடி மூடி. அதில் கொஞ்சம் கழிவுநீர். மீதி முழுக்கக் காற்றேற்றிய சுத்தமான தண்ணீர். அந்தத் தண்ணீரில் பாஸ்பேட் பஃபர், மக்னீசியம் சல்பேட், கால்சியம் குளோரைடு, ஃபெரிக் குளோரைடு என நான்கும் லிட்டருக்கு ஒரு மில்லி வீதம் சேர்ந்திருக்கும். கரைந்த ஆக்சிஜனை இன்று அளக்கிறோம். காற்றுக் குமிழ் இல்லாமல் மூடி, இருட்டில், 20 பாகையில் ஐந்து நாள் வைத்து, மறுபடி அளக்கிறோம். குறைந்தது எவ்வளவோ, அதைக் கழிவுநீர் எத்தனை மடங்கு நீர்க்கப்பட்டதோ அதனால் பெருக்குகிறோம். அவ்வளவுதான்.

ஐந்து நாள் எங்கிருந்து வந்தது? பிரிட்டனில் 1898-இல் அமைக்கப்பட்ட கழிவுநீர் அரச ஆணைக்குழு 1912-இல் தந்த எட்டாவது அறிக்கையிலிருந்து வந்தது. அவர்கள் வைத்த வெப்பநிலை 65 பாரன்ஹீட், அதாவது 18 பாகைக்குச் சற்று மேல். அந்த நாட்டு ஆறுகள் ஐந்து நாளுக்குள் கடலைச் சேர்ந்துவிடும் என்பதால் ஐந்து நாள் என்று வைத்தார்கள் எனச் சொல்வதுண்டு. நம் நாட்டுத் தர நிர்ணயத்தில் இப்போது 27 பாகையில் மூன்று நாள்.  ஆனாலும் நம் ஊரில் வடிவமைப்புக் கணக்குகளுக்காக ஐந்து நாள் எண்ணைக் கேட்கிறவர்கள் உண்டு. சவ்வரிசிக்காரர் கையில் இருந்ததும் ஐந்து நாள் தாள்தான். மூன்று நாளானாலும் ஐந்து நாளானாலும் நான் சொல்லப்போகிற சங்கடங்கள் ஒன்றேதான்.

இப்போது ஒரு கேள்வி. இந்தச் சோதனையில் ஆக்சிஜனைத் தின்பது யார்? நாம் அலமாரியிலிருந்து எடுத்து ஊற்றிய மருந்தா? இல்லை. பாக்டீரியா. உயிருள்ள பாக்டீரியா. டைட்ரேஷனில் தயோசல்பேட்டின் திறனை நான்கு இலக்கம் வரை அறிந்து வைத்திருக்கிறோம். பி.ஓ.டி. பாட்டிலுக்குள் வேலை பார்க்கிற ஆள் யார், எத்தனை பேர், பசியோடு இருக்கிறாரா, நோயோடு இருக்கிறாரா என்று நமக்குத் தெரியாது. அவரைத்தான் சீட் என்கிறோம். விதை. விதை நன்றாக இல்லாமல் விளைச்சலைப் பற்றிப் பேச முடியுமா?

அந்த ஆலைக்காரரைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அடுத்த வாரம் நாங்களே போய்ப் புதிதாக ஒரு கேன் எடுத்துவந்தோம். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து அன்று மாலையே தொடங்கினோம். முதல் ஆய்வகம் செய்த முறை, இரண்டாவது ஆய்வகம் செய்த முறை, எங்கள் முறை என மூன்றையும் ஒரே தண்ணீரில், ஒரே இன்குபேட்டரில், அருகருகே வைத்துச் செய்தோம்.

முதல் ஆய்வகத்தார் சீட் போடவில்லை. கேட்டால், "இது கழிவுநீர்தானே, இதிலேயே பாக்டீரியா நிறைய இருக்குமே" என்றார்கள். நியாயமான பேச்சாகத்தான் தோன்றும். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காற்றே புகாத கலனுக்குள்ளிருந்து வருகிறது. அங்கே குடியிருப்பது காற்றில்லாமல் வாழப் பழகிய கூட்டம். அதைத் தூக்கி ஆக்சிஜன் நிறைந்த பாட்டிலில் விட்டால் என்ன ஆகும்? காற்றை விரும்பும் சிறு கூட்டம் ஒன்று அதற்குள் இருக்கும். அது பெருகி எழுந்து சாப்பிடத் தொடங்க நேரம் ஆகும். அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் ஐந்து நாள் ஓடுகிறது.

இதை எப்படிக் கண்டுகொண்டோம்? கூடுதலாகச் சில பாட்டில்கள் வைத்து, நாளுக்கு ஒன்றைத் திறந்து அளந்தோம். சீட் போடாத பாட்டிலில் முதல் நாள் முழுக்கக் குறைந்தது 0.2 மில்லிகிராம். சீட் போட்டதில் முதல் நாளே நன்றாக இறங்கியிருந்தது. ஐந்தாம் நாள் முடிவில் சீட் போடாத பாட்டில், 6 மில்லி கழிவுநீருடன், 8.6-இலிருந்து 3.0-க்கு வந்திருந்தது. குறைந்தது 5.6. மடங்கு 300-ஐ 6-ஆல் வகுத்தால் 50. பெருக்கினால் 280. எந்த விதியும் மீறப்படவில்லை! குறைந்தது 2-க்கு மேல், மிச்சம் 1-க்கு மேல். தாளைப் பார்த்தால் அழகான சோதனை. ஆனால் பாக்டீரியா வேலை பார்த்தது நான்கு நாள்தான். இன்னொரு வாரம் செய்தால் அந்தச் சிறு கூட்டம் சீக்கிரம் எழுந்துவிடும், விடை 320 வரும். மறுவாரம் 240 வரும். ஒரே ஆய்வகம், ஒரே கைகள், வேறு வேறு விடைகள்.

அப்படியானால் நல்ல சீட் எது? வீட்டுச் சாக்கடைக் கழிவுநீர். ஆலைத் தண்ணீர் கலக்காத, குளோரின் போடாத, வீட்டுக் கழிவுநீர். குறைந்தது ஒரு மணி நேரம் தெளியவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். அது எவ்வளவு ஆக்சிஜன் தின்னும் என்பதைத் தனியாக அறிய வேண்டும். நாங்கள் அதை மட்டும் 5 மில்லி போட்டு ஒரு பாட்டில் வைத்தோம். ஐந்து நாளில் 3.5 குறைந்தது. ஆக ஒரு மில்லிக்கு 0.7. பாட்டிலுக்கு ஒரு மில்லி சீட் போட்டால், கடைசியில் 0.7-ஐக் கழித்துவிட வேண்டும். கழிக்கும் இந்த அளவு 0.6-இலிருந்து 1.0-க்குள் இருப்பது நல்லது. குறைவாக இருந்தால் விதை பலமில்லை. அதிகமாக இருந்தால் விதையே விருந்தில் பாதியைத் தின்றுவிடுகிறது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன். சீட் இருக்கும் பீக்கரை மேசையில் வைத்துவிட்டு இருபது பாட்டிலுக்கு ஒவ்வொன்றாக ஒரு மில்லி போடுகிறோம். முதல் பாட்டிலுக்கும் இருபதாவது பாட்டிலுக்கும் நடுவே கால் மணி நேரம் போய்விடும். அதற்குள் பீக்கரில் நுண்துகள் மெல்ல அடியில் தங்கும். மேலே எடுத்தால் 0.6 தின்கிற விதை. அடியில் எடுத்தால் 0.9 தின்கிற விதை. எல்லாவற்றுக்கும் 0.7 என்று கழித்துவிட்டு, "ஏன் சார் ஒத்துவரவில்லை?" என்று கேட்கிறோம். பீக்கரைக் காந்தக் கலக்கியின் மேல் வைத்து, கலங்கிக்கொண்டே இருக்கும்போது எடுங்கள்.

சரி, இரண்டாவது தாளுக்கு வருவோம். 420. அவர்கள் சீட் போட்டார்கள். தவறு எங்கே?

அவர்கள் ஒரே ஒரு பாட்டில் வைத்தார்கள். அதில் 1 மில்லி கழிவுநீர். மடங்கு 300. குறைந்தது 2.1. சீட்டுக்கு 0.7 கழித்தால் 1.4. முந்நூறால் பெருக்கினால் 420. இங்கேயும் 2-க்கு மேல் குறைந்திருக்கிறது, மிச்சமும் தாராளமாக இருக்கிறது. விதிப்படி சரி. ஆனால் நாங்கள் அதே முறையில் மூன்று பாட்டில் வைத்தோம். குறைந்தது 1.8, 2.1, 1.5 என்று வந்தது. சீட்டைக் கழித்தால் 1.1, 1.4, 0.8. முந்நூறால் பெருக்குங்கள். 330, 420, 240! ஒரே கேன், ஒரே நாள், ஒரே கை. 2 கூடக் குறையாத முதல் பாட்டிலையும் மூன்றாவது பாட்டிலையும் விதியே தள்ளிவிடும். 420 சொன்ன இரண்டாவதை மட்டும் விதி ஏற்றுக்கொள்ளும். அதற்கும் முதல் பாட்டிலுக்கும் 90 வித்தியாசம்.

நண்பர்களே, இந்தச் சோதனை ஒரு சிறு வித்தியாசத்தை எடுத்துப் பெரிய எண்ணால் பெருக்குகிற சோதனை. டைட்ரேஷனில் ஒரு சொட்டு கூடினால் 0.05 போகும். இரண்டு அளவீட்டிலும் சேர்த்து 0.1 தவறுவது யாருக்கும் நேரும், எனக்கும் நேரும். 50 மடங்கு நீர்த்திருந்தால் அந்த 0.1 என்பது 5 மில்லிகிராம். 300 மடங்கு நீர்த்திருந்தால் அதே 0.1 என்பது 30 மில்லிகிராம். சீட்டில் 0.3 பிசகினால் 90 மில்லிகிராம். பிசகு அதேதான், கை அதேதான். அதைத் தாளில் எவ்வளவு பெரிதாகக் காட்டுவது என்பதை நாம் தேர்ந்தெடுத்த நீர்த்தல்தான் முடிவு செய்கிறது.

இன்னொன்றும் உண்டு. சவ்வரிசி ஆலைத் தண்ணீரில் என்ன மிதக்கும்? திப்பி. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவு எடுத்தபின் மிஞ்சும் நார். கலனைத் தாண்டியும் கொஞ்சம் வரும். 1 மில்லி பிப்பெட்டின் நுனியைப் பார்த்திருக்கிறீர்கள். அதற்குள் ஒரு திப்பி நார் நுழைந்தால் ஒரு விடை. நுனியிலேயே நின்றுவிட்டால் இன்னொரு விடை. இதற்கு வழி, முதலில் பெரிய அளவில் நீர்த்துக்கொள்வது. கேனை நன்றாகக் குலுக்கி, வாய் அகன்ற பிப்பெட்டால் 50 மில்லி எடுத்து 500 மில்லியாக்குங்கள். அதைக் கலக்கியின் மேல் வைத்து அதிலிருந்து 10 மில்லி போட்டால், 1 மில்லி போட்டது போலத்தான். ஆனால் நார்களும் நியாயமாகப் பங்குபோடப்பட்டிருக்கும்.

அப்படியானால் எத்தனை மில்லி போடுவது? இது ஊகம் அல்ல, கணக்கு. அந்தத் தண்ணீரின் சி.ஓ.டி.-யை அன்றே பார்த்தோம். 620 வந்தது. இரண்டரை மணி நேரத்தில் கிடைக்கும் விடை, ஐந்து நாள் வேலைக்கு வழிகாட்டும். இந்தக் கழிவுநீரில் பி.ஓ.டி. அதில் பாதிக்குச் சற்று மேல் இருக்கும் என்று பழைய பதிவேடு சொன்னது. ஆக 350-ஐ ஒட்டி எதிர்பார்க்கலாம். பாட்டிலில் நான்கு மில்லிகிராம் அளவுக்குக் குறைந்தால் வசதி. 350-ஐ 4-ஆல் வகுத்தால் 90 மடங்குக்குச் சற்றுக் கீழே. 300-ஐ அதனால் வகுத்தால் 3 மில்லிக்குச் சற்று மேல். ஆக 3 மில்லி நடுவில். நம் ஊகம் தவறினால் தாங்கிக்கொள்ள ஒரு பக்கம் 2, இன்னொரு பக்கம் 6. ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டில்.

ஐந்தாம் நாள் என்ன வந்தது? 2 மில்லி பாட்டில் சராசரியாக 3.2 குறைந்திருந்தது. சீட்டைக் கழித்தால் 2.5. 150-ஆல் பெருக்கினால் 375. 3 மில்லி பாட்டில் 4.3 குறைந்திருந்தது. கழித்தால் 3.6. நூறால் பெருக்கினால் 360. 6 மில்லி பாட்டிலில் மிச்சம் 0.9 மட்டுமே. கணக்குப் போட்டால் 350 வரும், மற்றவற்றோடு அழகாக ஒத்தும் போகும். ஆனாலும் அதைச் சேர்க்கக் கூடாது. மிச்சம் 1-க்குக் கீழே போன பாட்டிலில் கடைசிப் பொழுதில் ஆக்சிஜன் தட்டுப்பாடு வந்திருக்கும். இன்னும் தின்ன ஆசைப்பட்டு முடியாமல் போனதா என்று நமக்குத் தெரியாது. ஒத்துவருகிறதே என்பதற்காக அதை எடுத்துக்கொண்டால், நாளை ஒத்துவராதபோது தள்ளுவீர்கள். அப்புறம் நீங்கள் விரும்பிய விடைதான் வரும். 375, 360. சராசரி 368 என்று எழுதினோம்.

இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். மூன்று நீர்த்தல் வைத்து, மூன்றும் ஒத்துவரவில்லை என்றால் எப்போதும் கைத்தவறுதானா? இல்லை. விடைகள் எந்தத் திசையில் போகின்றன என்று பாருங்கள். அதே ஆலையில் கலனுக்குள் போகும் முன்பே எடுத்த கச்சாத் தண்ணீரையும் ஒருமுறை சோதித்தோம். புளித்த தண்ணீர், பி.எச். 4.5. அதை ஏழுக்குக் கொண்டுவந்து, பத்து மடங்கு நீர்த்து, அதிலிருந்து 8, 5, 3 மில்லி என்று போட்டோம். 8 மில்லி பாட்டில் 2000 என்றது. 5 மில்லி 2600 என்றது. 3 மில்லி 3100 என்றது. கவனித்தீர்களா? கழிவுநீர் குறையக் குறைய விடை ஏறுகிறது. கைத்தவறு இப்படி வரிசையில் நிற்காது, மேலும் கீழுமாகச் சிதறும். இப்படிப் படியேறினால் பாட்டிலுக்குள் ஏதோ ஒன்று பாக்டீரியாவின் கழுத்தைப் பிடிக்கிறது என்று பொருள். நீர்க்க நீர்க்க அதன் பிடி தளர்கிறது.

மரவள்ளிக் கிழங்கில் சயனைடைத் தரும் பொருள் உண்டு என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் சந்தேகம் அங்கேதான் போனது. வீட்டுச் சாக்கடை பாக்டீரியாவுக்கு அது பழக்கமில்லை. ஆனால் பழகிய கூட்டம் ஒன்று ஊரிலேயே இருக்கிறது. ஆலைத் தண்ணீர் விழும் ஓடையில், ஆலைக்குக் கீழே நான்கைந்து கிலோமீட்டர் தள்ளிப் போய், அந்தத் தண்ணீரை எடுத்துவந்து சீட்டாகப் போட்டோம். ஆண்டுக்கணக்காக இதைத் தின்றே வளர்ந்த பாக்டீரியா அங்கே இருக்கும். இந்த முறை 5 மில்லியும் 3 மில்லியும் 3200-ஐ ஒட்டி வந்து நின்றன. 8 மில்லி பாட்டில்? ஐந்தாம் நாள் அதில் ஆக்சிஜன் ஒரு துளி இல்லை, முழுக்கத் தின்று தீர்த்திருந்தது. முன்பு 2000 என்று சொன்ன அதே பாட்டில்! விதையை மாற்றினோம், தண்ணீர் அதேதான்.

இதற்கு நேர் எதிர்ச் சங்கடம் நன்றாகச் சுத்திகரித்த தண்ணீரில் வரும். அதில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா ஏற்கெனவே குடியேறியிருக்கும். அது மெல்ல வளரும். நான்காம் நாள் ஒரு பாட்டிலில் விழித்துக்கொள்ளும், பக்கத்துப் பாட்டிலில் விழிக்காது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற நான்கரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஜோடிப் பாட்டிலில் ஒன்று 12, ஒன்று 25 என்று வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அலைல்தயோயூரியா போன்ற தடுப்பான் போட்டு ஒரு ஜோடி, போடாமல் ஒரு ஜோடி வைத்தால் தெரிந்துவிடும். தடுப்பான் போட்டீர்களா இல்லையா என்பதைத் தாளில் எழுதவும் வேண்டும்.

நம் ஊர் வெயில் செய்யும் வேலை ஒன்றையும் சொல்ல வேண்டும். மே மாதம் ஆய்வகத்தில் 32 பாகை. அந்தச் சூட்டில் தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் ஏழரைக்கும் கீழே. 20 பாகையில் ஒன்பது. சூடான தண்ணீரில் தொடங்கினால் கையிருப்பே குறைவு. சரி, ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீரை எடுத்து உடனே ஊற்றினால்? அதில் ஒன்பதுக்கும் மேலே இருக்கும். இன்குபேட்டரில் சூடேறியதும் மிகுதி குமிழாகப் பிரிந்து மூடிக்குக் கீழே போய் ஒட்டிக்கொள்ளும். நாம் அதைத் தின்ற கணக்கில் சேர்த்துவிடுவோம். நீர்க்கும் தண்ணீரை முந்தின நாளே 20 பாகையில் வைத்துக் காற்றேற்றுங்கள். மூடிமேல் நீர்முத்திரை ஊற்றி, அது வற்றாமல் ஒரு பிளாஸ்டிக் தொப்பி போடுங்கள். ஐந்தாம் நாள் எடுக்கும்போது நீர்முத்திரை வற்றியிருந்தாலும், கண்ணாடிக்குள் குமிழ் தெரிந்தாலும் அந்தப் பாட்டிலை அளக்கும் முன்பே பதிவேட்டில் குறியுங்கள். அளந்தபின் குறித்தால் மனம் சாயும்.

நீர்க்கும் தண்ணீரை மட்டும் வைக்கும் பிளாங்க் பாட்டில் ஐந்து நாளில் 0.2-க்கு மேல் குறையக் கூடாது. குறைந்தால் தண்ணீர் வரும் ரப்பர் குழாயையும் அயனிநீக்கிப் பிசினையும் பாருங்கள். பெரும்பாலும் குழாயின் உட்புறம் வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பே உயிர்தான்.

கடைசியாக ஒன்று. எல்லாம் சரியாகச் செய்தால் இந்தச் சோதனை எவ்வளவு ஒத்துவரும்? அதற்கு ஓர் அளவுகோல் உண்டு. குளுக்கோஸ் 150, குளுட்டாமிக் அமிலம் 150 மில்லிகிராம் கரைத்த கரைசல். அதில் 6 மில்லி ஒரு பாட்டிலுக்கு. வரவேண்டிய விடை 198, கூட்டல் கழித்தல் 30.5. யோசித்துப் பாருங்கள். நஞ்சில்லை, திப்பியில்லை, சுத்தமான சர்க்கரையும் அமிலமும்தான். அதற்கே 168-இலிருந்து 228 வரை எல்லோரும் தேறியவர்கள். ஒரு தொகுதி பாட்டில் வைக்கும்போதெல்லாம் இந்தக் கரைசலையும் வையுங்கள். அது 150-க்கு இறங்கிய வாரத்தில் சீட் சரியில்லை என்று தெரியும். அந்த வாரத்துத் தாள் எதையும் வெளியே கொடுக்க வேண்டாம்.

ஆலைக்காரர் மறுபடி வந்தார். 368 என்று எழுதிய தாளைக் கொடுத்தேன். அதன் அடியில் எத்தனை மில்லி வைத்தோம், ஒவ்வொரு பாட்டிலும் எவ்வளவு குறைந்தது, சீட் எங்கே எடுத்தது, அதற்கு எவ்வளவு கழித்தோம், 6 மில்லியை ஏன் தள்ளினோம், அந்த வாரம் குளுக்கோஸ் கரைசல் 191 வந்தது என்பதெல்லாம் எழுதியிருந்தது. அவர் முழுவதையும் படித்துவிட்டு, பழைய இரண்டு தாள்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "இதுல எண்ணு மட்டுந்தானுங்க இருக்கு" என்றார்.